வரைபடம் தப்பான இடத்தில் விழுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கேள்வியில் f(x − 3) என்று இருக்கிறது, பிள்ளை வரைந்த படமோ இடப்பக்கம் 3 கட்டம் தள்ளி நிற்கிறது. பாடத்தைப் படிக்காமல் செய்த பிழை இல்லை இது. வரைதாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும்: முதலில் சரியாக வலப்பக்கம்தான் போட்டிருக்கிறாள், அப்புறம் "மைனஸ் என்றால் இடப்பக்கம்தானே" என்று சந்தேகம் வந்து ரப்பரால் அழித்து மாற்றியிருக்கிறாள். பிளஸ் ஒன் பிள்ளைகளின் வரைதாள்களைத் தொடர்ந்து திருத்திப் பார்த்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. வரைபடத்தை நகர்த்துவது, நீட்டுவது, பிரதிபலிப்பது ஆகியவற்றில் விழும் பிழைகள் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும், ஒவ்வொரு பிழையும் படத்தில் தன் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அந்த அடையாளத்தை வைத்து எங்கே வழுக்கியது என்று கண்டுபிடிப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை வரைபடம் வேண்டும். பெரும்பாலும் y = x² வைத்துத்தான் சொல்லித்தருவார்கள், ஆனால் பிழை பிடிக்க அது உதவாது. இடம் வலம் ஒரே மாதிரி இருப்பதால் பிரதிபலிப்பில் தப்பு செய்தாலும் படம் சரியாகவே தெரியும். அதனால் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று. காலை 6 மணிக்குக் காலியாக இருக்கிறது, மோட்டார் போடுகிறார்கள். 8 மணிக்கு 4 அடி நீர் ஏறுகிறது, மோட்டாரை நிறுத்துகிறார்கள். வீட்டில் செலவாகிச் செலவாகி மதியம் 12 மணிக்குத் தொட்டி காலி. x என்பது 6 மணியிலிருந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது, f(x) என்பது நீரின் உயரம். வரைந்தால் இடப்பக்கம் செங்குத்தாகவும் வலப்பக்கம் நீளச் சரிவாகவும் ஒரு கோணல் கூரை கிடைக்கும். அதன் மூன்று மூலைகள் (0, 0), (2, 4), (6, 0). சார்பகம் 0 முதல் 6 வரை, வீச்சகம் 0 முதல் 4 வரை. இந்த மூன்று மூலைகளை வைத்தே கிட்டத்தட்ட எல்லாப் பிழையையும் பிடித்துவிடலாம்.

பிழை பிடிக்கும் கருவியும் ஒன்றுதான். f-இன் அடைப்புக்குறிக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பழைய x. புதிய x எது என்று தெரிய வேண்டுமானால் "உள்ளே இருப்பது = பழைய x" என்று சமன்பாடு போட்டுத் தீர்க்க வேண்டும். f-க்கு வெளியே எழுதியிருப்பது எல்லாம் பழைய y கிடைத்த பிறகு அதன் மேல் செய்யப்படும் வேலை, அதில் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படியே கணக்குப் போட்டால் போதும். இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

அறிகுறி: வலப்பக்கம் போக வேண்டியது இடப்பக்கம் போயிருக்கிறது

f(x − 3)-ஐ வரைந்த படத்தில் கூரையின் உச்சி x = −1 இல் இருந்தால் இந்தப் பிழைதான். மைனஸ் குறியைப் பார்த்ததும் கை தானாக இடப்பக்கம் போய்விடுகிறது.

தொட்டிக்குத் திரும்பிப் போங்கள். காலையில் கரண்ட் இல்லை, மோட்டாரை 3 மணி நேரம் தாமதமாக 9 மணிக்குத்தான் போட முடிந்தது. மற்றபடி எல்லாம் அதே வேகம். இப்போது x மணி நேரம் ஆனபோது தொட்டியில் எவ்வளவு இருக்கும்? வழக்கமான நாளில் அதற்கு 3 மணி நேரம் முன்னால் எவ்வளவு இருந்திருக்குமோ அவ்வளவு. அதாவது f(x − 3). தாமதமானால் கடிகாரத்தில் எல்லாம் பின்னால் நடக்கும், பின்னால் நடப்பது x-அச்சில் வலப்பக்கம் விழும். கழிப்பது பழைய மதிப்பைத் தேடிப் போவதற்காக, படத்தை நகர்த்துவதற்காக அல்ல. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மைனஸ் குறி அப்புறம் ஏமாற்றாது.

சமன்பாடு போட்டும் பாருங்கள். பழைய உச்சி x = 2 இல் இருந்தது. x − 3 = 2 என்றால் x = 5. ஆக உச்சி (5, 4). காலை 11 மணிக்கு நிரம்புகிறது, சரிதான். மற்ற மூலைகள் x − 3 = 0 இலிருந்து 3, x − 3 = 6 இலிருந்து 9.

"உள்ளே இருந்தால் எதிர்ப்பக்கம்" என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பிள்ளைகள் இதை மட்டும் சரியாகப் போட்டுவிடுவார்கள். அந்த வாய்ப்பாட்டை நான் சிபாரிசு செய்வதில்லை, பின்னால் வரும் இரண்டு அறிகுறிகளில் அதுவே காலை வாரிவிடும்.

அறிகுறி: ஒல்லியாக வேண்டியது அகலமாகிவிட்டது

f(2x) என்று கொடுத்தால் 2 என்பதைப் பார்த்துப் படத்தை இரண்டு மடங்கு அகலமாக்குவது. கூரை 0 முதல் 12 வரை நீண்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. மருந்தும் அதேதான்: 2x = 6 என்றால் x = 3, ஆக வலது மூலை 3 இல் இருக்க வேண்டும். தொட்டி மொழியில் மோட்டாரும் இரட்டை வேகம், செலவும் இரட்டை வேகம், எனவே எல்லாம் பாதி நேரத்தில் முடிகிறது. மூலைகள் (0, 0), (1, 4), (3, 0). உயரம் 4 அடியிலேயே நிற்கிறது, மாறவில்லை. f(x/2) என்றால் இதற்கு நேர்மாறு, 12 மணி நேரத்துக்கு நீளும்.

இதில் இன்னொரு நுணுக்கமான பிழை ஒளிந்திருக்கிறது. சில பிள்ளைகள் படத்தைச் சரியாகப் பாதியாகச் சுருக்குவார்கள், ஆனால் படத்தின் நடுப்பகுதியை அசையாமல் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்திலிருந்தும் அமுக்குவார்கள். அகலம் 3 என்று சரியாக வரும், ஆனால் கூரை 1.5 இல் தொடங்கி 4.5 இல் முடியும். படத்தை மட்டும் பார்த்தால் நன்றாகவே தெரியும், அதனால்தான் இது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

சுருக்கம் படத்தின் நடுவை நோக்கி நடப்பதில்லை, y-அச்சை நோக்கி நடக்கிறது. வரைதாளை ரப்பர் விரிப்பு என்று நினைத்துக்கொண்டு y-அச்சு நெடுக ஆணி அடித்து வைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் விரிப்பைப் பாதியாகச் சுருங்க விட்டால் ஒவ்வொரு புள்ளியும் y-அச்சிலிருந்து இருந்த தூரத்தில் பாதிக்கு வந்து நிற்கும். y-அச்சின் மேல் இருந்த புள்ளி அசையாது, தொலைவில் இருந்த புள்ளி அதிகம் நகரும். அதே போல 2f(x) என்பது x-அச்சில் ஆணி அடித்துவிட்டு மேலும் கீழும் இழுப்பது. x-அச்சைத் தொட்ட புள்ளிகள் அங்கேயே இருக்கும். ஆகவே சரிபார்க்க ஒரு நொடி போதும்: f(2x)-இல் y-வெட்டு மாறியிருந்தால் தப்பு, 2f(x)-இல் x-வெட்டுகள் மாறியிருந்தால் தப்பு.

அறிகுறி: வடிவமும் அகலமும் சரி, ஆனால் மொத்தப் படமும் தள்ளி நிற்கிறது

மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கேள்வி f(2x − 6). பிள்ளை என்ன செய்கிறது? 2 இருக்கிறது, பாதியாகச் சுருக்கு: 0, 1, 3. அப்புறம் −6 இருக்கிறது, வலப்பக்கம் 6 நகர்த்து: 6, 7, 9. இரண்டு விதியையும் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறது, விடை தப்பு.

தப்பு என்று எப்படித் தெரியும்? அந்தப் படத்தில் உச்சி x = 7 இல் இருக்கிறது. 7-ஐக் கேள்வியில் போடுங்கள். 2 × 7 − 6 = 8. f(8) வேண்டும். நம்முடைய f-க்கு 6-க்கு மேல் மதிப்பே கிடையாது. இல்லாத இடத்தில் உச்சியை வரைந்திருக்கிறோம்.

இப்போது சமன்பாடு போடுங்கள். 2x − 6 = 0 என்றால் x = 3. 2x − 6 = 2 என்றால் x = 4. 2x − 6 = 6 என்றால் x = 6. மூலைகள் (3, 0), (4, 4), (6, 0). நகர்வு 6 இல்லை, 3.

ஏன் 3? தொட்டியிடமே கேட்போம். 2x − 6 என்பதை 2(x − 3) என்று எழுதினால் கதை தானாக வெளியே வரும். இரட்டை வேக மோட்டார், 3 மணி நேரம் தாமதம். 9 மணிக்குப் போட்டார்கள், 10 மணிக்கு நிரம்பியது, 12 மணிக்குக் காலி. சுவர்க் கடிகாரத்தில் தாமதம் 3 மணி நேரம்தான். அந்த 6 என்பது இரட்டை வேகத்தில் அளந்த தாமதம், அதை x-அச்சில் நேராகப் போடக் கூடாது.

வரிசையை வைத்தும் இதைப் புரிந்துகொள்ளலாம். முதலில் வலப்பக்கம் 6 நகர்த்தினால் மூலைகள் 6, 8, 12. அதற்குப் பிறகு பாதியாகச் சுருக்கினால் 3, 4, 6. சரியான விடை! சுருக்கம் y-அச்சை நோக்கி நடப்பதால் நகர்த்தி வைத்த அந்த 6-உம் சேர்ந்து பாதியாகி 3 ஆகிவிடுகிறது. சுருக்கிவிட்டு நகர்த்துவதாக இருந்தால் ஏற்கெனவே பாதியாக்கிய 3-ஐத்தான் நகர்த்த வேண்டும். ஆக இரண்டு வழியும் உண்டு: "நகர்த்து 6, பிறகு சுருக்கு" அல்லது "சுருக்கு, பிறகு நகர்த்து 3". இரண்டையும் கலந்து "சுருக்கு, பிறகு நகர்த்து 6" என்று போனால்தான் படம் தள்ளிப் போகிறது.

கவனித்தீர்களா, 2x − 6-ஐக் கணக்கிடும்போது முதலில் 2-ஆல் பெருக்கி அப்புறம் 6-ஐக் கழிக்கிறோம். படத்தில் செய்ததோ முதலில் 6-க்கான நகர்வு, அப்புறம் 2-க்கான சுருக்கம். வரிசை தலைகீழ். சட்டை போட்டு அதன் மேல் ஸ்வெட்டர் போட்டவன் கழற்றும்போது ஸ்வெட்டரைத்தானே முதலில் கழற்ற வேண்டும்? உள்ளே இருக்கும் கோவையைத் தீர்ப்பது என்பது கழற்றுவது, அதனால்தான் திசையும் எதிராக இருக்கிறது, வரிசையும் எதிராக இருக்கிறது.

சைன் வளைவரையில் இதே பிழை வேறு வேஷத்தில் வரும். y = 3 sin(2x − π/2) என்று கொடுத்தால் அலை π/2 இல் தொடங்குவதாகப் பாதிப்பேர் வரைவார்கள். தீர்த்துப் பாருங்கள்: 2x − π/2 = 0 என்றால் x = π/4. அலை அங்கே மேல்நோக்கிப் புறப்படுகிறது. ஒரு முழு அலை முடிய உள்ளே இருப்பது 2π ஆக வேண்டும், அது x = 5π/4 இல் நடக்கிறது, எனவே ஓர் அலையின் நீளம் π. உச்சி 2x − π/2 = π/2 ஆகும் இடம், அதாவது x = π/2, உயரம் 3. வரைந்து முடித்ததும் x = 0 போட்டுப் பாருங்கள், 3 sin(−π/2) = −3 வருகிறது. உங்கள் வளைவரை y-அச்சை −3 இல் தொடவில்லையென்றால் அலை இடம் மாறி நிற்கிறது. π/2 இல் தொடங்கி வரைந்தவர்களுக்கு அது சுழியத்தில் வெட்டும், உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: இடவலம் சரி, உயரங்கள் எல்லாம் தப்பு

−2f(x) + 3 என்ற கேள்விக்கு உச்சி −14 க்குப் போயிருக்கிறதா? அப்படியானால் முதலில் 3-ஐக் கூட்டிவிட்டு அப்புறம் −2-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். −11 க்குப் போயிருந்தால் 2-ஆல் பெருக்கி, 3-ஐக் கூட்டி, கடைசியில் மொத்தத்தையும் கவிழ்த்திருக்கிறீர்கள். விடையின் எண்ணே எந்த வரிசையில் தப்பு நடந்தது என்று சொல்லிவிடுகிறது பாருங்கள்.

வெளியே இருப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. f(x) என்ற எண் கையில் இருக்கிறது, அதை −2-ஆல் பெருக்கு, 3-ஐக் கூட்டு, அவ்வளவுதான். சாதாரணக் கணக்கில் பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு என்ற அதே வரிசை. 0 என்பது 3 ஆகிறது, 4 என்பது −8 ஆகி −5 ஆகிறது. மூலைகள் (0, 3), (2, −5), (6, 3). கூரை கவிழ்ந்து இரண்டு மடங்கு ஆழமான பள்ளமாகி 3 கட்டம் மேலே ஏறி நிற்கிறது.

சில கேள்வித்தாள்களில் இதையே 3 − 2f(x) என்று எழுதுவார்கள். அதைப் பார்த்ததும் 3-இலிருந்து 2-ஐக் கழித்து f(x) என்று முடித்துவிட்ட தாள்களும் வந்திருக்கின்றன. அப்படி எழுதியிருந்தால் முதல் வேலையாக −2f(x) + 3 என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

அடைப்புக்குறி வந்தால் மட்டும் நிதானம் வேண்டும். 2f(x) + 1-இல் கூரையின் அடி 1 இல், உச்சி 9 இல். 2(f(x) + 1)-இல் அடி 2 இல், உச்சி 10 இல். ஏற்றிவிட்டு நீட்டினால் ஏற்றியதும் சேர்ந்து நீளும், காரணம் நீட்சி x-அச்சிலிருந்து தொடங்குகிறது.

அறிகுறி: தலைகீழாக வேண்டியது பக்கம் திரும்பிவிட்டது

−f(x), f(−x) இரண்டையும் மாற்றிப் போடுவது. வெளியே மைனஸ் என்றால் y குறி மாறுகிறது, உச்சி (2, −4) க்குப் போகும், படம் x-அச்சில் பிரதிபலிக்கிறது. உள்ளே மைனஸ் என்றால் x குறி மாறுகிறது, உச்சி (−2, 4), படம் y-அச்சில் பிரதிபலிக்கிறது, செங்குத்தான சரிவு இப்போது வலப்பக்கம் வந்துவிடும். கோணல் கூரையை எடுத்துக்கொண்டதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

இது எளிது. கஷ்டமாக இருப்பது f(3 − x). இதைப் பார்த்தவுடன் "−x இருக்கிறது, பிரதிபலி, +3 இருக்கிறது, இடப்பக்கம் 3 நகர்த்து" என்று போவார்கள், உச்சி −5 இல் போய் விழும். 3 − x = 2 என்று தீர்த்தால் x = 1. உச்சி (1, 4), மற்ற மூலைகள் 3-உம் −3-உம். 3 − x என்பது −(x − 3), ஆகப் பிரதிபலித்த பிறகு நகர்வு வலப்பக்கம்தான். "உள்ளே பிளஸ் என்றால் இடப்பக்கம்" என்ற மனப்பாடம் உடைந்து போவது இந்த இடத்தில். அந்த வாய்ப்பாடு x-இன் கெழு 1 ஆக இருந்தால் மட்டுமே நம்பத்தக்கது.

அறிகுறி: உருமாற்றம் செய்தும் படம் அசையவில்லை, அல்லது இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியும் படம் ஒன்றாக வருகிறது

இது பெரும்பாலும் பிழையே இல்லை. y = x²-இல் x-க்குப் பதில் −x போட்டால் ஒன்றும் மாறாது, அது இரட்டைப்படைச் சார்பு. cos x-உம் அப்படித்தான். sin x-ஐ y-அச்சில் பிரதிபலித்தாலும் x-அச்சில் பிரதிபலித்தாலும் ஒரே படம், ஏனென்றால் sin(−x) = −sin x.

வகுப்பில் அடிக்கடி சண்டை வருவது (2x)²-இல். ஒருவன் "பரவளையம் y-அச்சை நோக்கிப் பாதியாகச் சுருங்கியது" என்பான், இன்னொருவன் "இது 4x², அதனால் மேல்நோக்கி 4 மடங்கு நீண்டது" என்பான். இரண்டும் சரி. அந்தச் சார்பின் தன்மையால் இரண்டு வேறு உருமாற்றங்கள் ஒரே படத்தில் போய்ச் சேருகின்றன. √x-இலும் இது நடக்கும், √(4x) = 2√x. மடக்கையில் இன்னும் அழகு: 10-ஐ அடிமானமாகக் கொண்டால் log(10x) = 1 + log x, அதாவது இடவலச் சுருக்கம் ஒன்று மேல்நோக்கிய நகர்வாக மாறிவிடுகிறது. ஆனால் நம்முடைய கூரையில் இப்படி எதுவும் நடக்காது. f(2x)-இன் உச்சி 4-க்கு மேல் ஒருபோதும் போகாது. ஆகவே x²-இல் கிடைத்த ஒற்றுமையை எல்லாச் சார்புக்கும் விதியாக்கிவிடாதீர்கள்.

|f(x)|, f(|x|) பற்றியும் கேட்பார்கள். அவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. முதலாவதில் x-அச்சுக்குக் கீழே இருக்கும் பகுதி மட்டும் மேலே மடிக்கப்படுகிறது; இரண்டாவதில் y-அச்சுக்கு இடப்பக்கம் இருந்தது மறைந்துவிட்டு வலப்பக்கத்தின் பிம்பம் அங்கே வந்து உட்காருகிறது. படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் மாற்றம் நடப்பதால் மூன்று மூலைகளை நகர்த்தி வரையும் முறை அங்கே போதாது.

திரையில் சரிபார்க்க

ஜியோஜீப்ரா இருந்தால் நம் கூரையை இப்படி உள்ளிடலாம்:

```
f(x) = If(0<=x<=2, 2x, 2<x<=6, 6-x)
g(x) = f(2x-6)
```

முதலில் தாளில் மூலைகளைக் கண்டுபிடித்து எழுதிவிட்டுத்தான் இரண்டாவது வரியைத் தட்ட வேண்டும். திரையைப் பார்த்துவிட்டு விடை எழுதினால் ஏன் 3 என்பது கடைசிவரை புரியாது. இன்னொன்று, திரையில் இரண்டு அச்சுகளின் அளவுத்திட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். x-அச்சை மட்டும் விரலால் இழுத்துவிட்டால் சுருங்கிய படம் சுருங்காதது போலவே தெரியும். வரைதாளிலும் இதே கதைதான், ஓர் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, இன்னொன்றில் 1 செ.மீ. = 2 அலகு என்று எடுத்தவர்கள் படத்தின் தோற்றத்தை நம்பாமல் அச்சில் எழுதிய எண்களைப் படிக்க வேண்டும்.

எல்லாம் கலந்து வந்தால்

y = 1 − 2√(6 − 2x). தேர்வில் இப்படி ஒன்று வந்தால் நான்கு விதிகளையும் மனதில் அடுக்கிக்கொண்டு திணற வேண்டாம். √x-இன் எளிய புள்ளிகள் நான்கை எடுங்கள்: (0, 0), (1, 1), (4, 2), (9, 3).

முதலில் உள்ளே. 6 − 2x = 0 என்றால் x = 3. 6 − 2x = 1 என்றால் x = 2.5. 6 − 2x = 4 என்றால் x = 1. 6 − 2x = 9 என்றால் x = −1.5. வளைவரை 3 இல் தொடங்கி இடப்பக்கம் ஓடுகிறது என்று இப்போதே தெரிந்துவிட்டது. பிறகு வெளியே. −2-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் 0, 1, 2, 3 ஆகியவை முறையே 1, −1, −3, −5 ஆகின்றன. புள்ளிகள் (3, 1), (2.5, −1), (1, −3), (−1.5, −5). இவற்றை இழைய இணைத்தால் படம் முடிந்தது.

இதில் தப்பு நடந்தால் எப்படித் தெரியும்? மூன்று இடங்களைத் தொட்டுப் பார்ப்பேன். வர்க்கமூலத்துக்குள் குறை எண் வரக் கூடாது, 6 − 2x ≥ 0, எனவே x ≤ 3. வளைவரை 3-க்கு வலப்பக்கம் ஒரு கட்டம் போயிருந்தாலும் பிரதிபலிப்பிலோ நகர்விலோ தப்பு. வரைந்த படம் 6 இல் தொடங்கியிருந்தால் மூன்றாவதாகச் சொன்ன பிழை, −3 இல் தொடங்கியிருந்தால் பிரதிபலித்துவிட்டு எதிர்ப்பக்கம் நகர்த்திய பிழை. அடுத்தது உயரம்: வர்க்கமூலம் எப்போதும் சுழியமோ மிகை எண்ணோதான், அதை −2-ஆல் பெருக்கி 1-இல் சேர்த்தால் 1-ஐத் தாண்டவே முடியாது, y ≤ 1. தொடக்கப் புள்ளியின் உயரம் 1-க்குப் பதில் −2 என்று இருந்தால் கூட்டிவிட்டுப் பெருக்கியிருக்கிறீர்கள். கடைசியாக y-வெட்டு: x = 0 போட்டால் 1 − 2√6, தோராயமாக −3.9. நம் புள்ளிகளில் (1, −3)-க்கும் (−1.5, −5)-க்கும் நடுவே வளைவரை y-அச்சை வெட்டும் இடத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தால் −4-ஐ ஒட்டி அதற்குச் சற்று மேலே இருக்கும்.